லாபம் சரி, காசு வந்ததா?

பங்குத் தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவில் இன்டர்னாகச் சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் வேலை இதுதான். ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, "சாயந்திரத்துக்குள்ள ஒரு பக்கம் எழுதிக் குடுப்பா" என்பார்கள். அறிக்கை இருநூறு, முந்நூறு பக்கம் இருக்கும். பளபளப்பான முதல் ஐம்பது பக்கங்களில் தலைவரின் கடிதமும் சிரிக்கும் ஊழியர்களின் படங்களும். பையன் அதைப் படித்துவிட்டு, "விற்பனை 20 சதவீதம், நிகர லாபம் 31 சதவீதம் உயர்ந்துள்ளன, நிறுவனம் வலுவாக வளர்கிறது" என்று எழுதிக்கொண்டு வருவான். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனியே பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்தியும் அதுதான். இன்னொரு முறை எழுத ஆள் தேவையில்லை.

லாப நட்டக் கணக்கையும் பேலன்ஸ் ஷீட்டையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே அழகாகத்தான் தெரியும். ஒன்றின் வரியை மற்றொன்றின் வரியோடு மோதவிடும்போதுதான் விஷயம் வெளியே வரும். லாப நட்டக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை நடந்ததைச் சொல்கிறது. பேலன்ஸ் ஷீட் மார்ச் 31 அன்று கம்பெனியிடம் என்ன இருந்தது, யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறது. சரக்கு வண்டியேறி பில் போட்டதுமே அது விற்பனை. லாபமும் அப்போதே கணக்கில் ஏறிவிடும். பணம் வரவில்லை என்றால் அந்தத் தொகை பேலன்ஸ் ஷீட்டில் 'டிரேட் ரிசீவபிள்ஸ்' என்ற வரியில், அதாவது வரவேண்டிய பாக்கியில், உட்கார்ந்திருக்கும். பழைய கடைக்காரர்கள் கணக்குப்பிள்ளையிடம் கேட்கிற "சரக்கு போச்சு, காசு வந்துச்சா?" என்ற கேள்விக்குப் பதில் அந்த வரியில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்ப்போம். கோவைப் பக்கத்துப் பம்ப்செட் கம்பெனி ஒன்று, சந்தையில் பட்டியலிடப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அந்தத் தொழிலின் நடைமுறை மட்டும் நிஜம்.

விற்பனை 400 கோடியிலிருந்து 480 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 32 கோடியிலிருந்து 42 கோடி. நிகர லாபம் 24 கோடியிலிருந்து 31.5 கோடி. இன்டர்ன் எழுதிவந்த 31 சதவீதம் இங்கிருந்துதான். ஆனால் விற்பனைக்கு அடுத்த வரியில் 'இதர வருமானம்' என்று ஒன்று இருக்கிறது. போன ஆண்டு 3 கோடியாக இருந்தது இந்த ஆண்டு 11 கோடி. வரியின் பக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்பக்கங்களுக்குப் போனால், அதில் 7 கோடி பழைய தொழிற்சாலை நிலத்தை விற்ற லாபம் என்று தெரிகிறது. நிலத்தை ஒருமுறைதான் விற்க முடியும். இதர வருமானத்தை இரண்டு ஆண்டுகளிலும் கழித்துவிட்டால், பம்ப் விற்றுச் சம்பாதித்தது 29 கோடியிலிருந்து 31 கோடி. 31 சதவீதம் என்று நினைத்தது 7 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

இப்போது பேலன்ஸ் ஷீட். வரவேண்டிய பாக்கி 66 கோடியிலிருந்து 118 கோடி. விற்பனை கூடினால் பாக்கியும் கூடத்தான் செய்யும். எவ்வளவு கூடலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்க வேண்டும். போன ஆண்டு 60 நாள், இந்த ஆண்டு 90 நாள். சரக்கு வாங்கியவர் இரண்டு மாதத்தில் கொடுத்த பணம் இப்போது மூன்று மாதத்தில் வருகிறது. பழைய 60 நாள் கணக்கே நீடித்திருந்தால் பாக்கி சுமார் 79 கோடியில் நின்றிருக்கும். மீதி 39 கோடி கூடுதலாக வெளியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டின் நிகர லாபத்தைவிட அது அதிகம்.

சம்பளமும் செம்புக் கம்பிக்கான பணமும் 90 நாள் காத்திருக்காது. அதனால் வங்கியின் குறுகிய காலக் கடன் 40 கோடியிலிருந்து 85 கோடிக்குப் போயிருக்கிறது. வட்டிச் செலவு 5 கோடியிலிருந்து 9 கோடி. பணப்புழக்க அறிக்கையில், தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த பணம் என்ற மொத்தத்தைப் பார்த்தால் மைனஸ் 17 கோடி. லாபம் 31.5 கோடி காட்டிய அதே ஆண்டில், தொழில் கம்பெனியிடமிருந்து 17 கோடியை வாங்கிக்கொண்டது.

இந்த இடத்தில் புத்திசாலி இன்டர்னுக்கு ஒரு வேகம் வரும். 'கணக்கில் தில்லுமுல்லு' என்று எழுதத் துடிப்பான். அங்கேதான் நிறுத்த வேண்டும். பாக்கி பெருகக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு; மூன்றுக்கும் அர்த்தம் வேறு.

முதலாவது, மார்ச் மாதக் கடைசியில் டீலர்கள் தலையில் சரக்கைத் தள்ளி விற்பனையை ஊதிக்காட்டுவது. இதைக் கண்டுபிடிக்கக் காலாண்டு முடிவுகள் போதும். பம்ப் தொழிலில் கோடைதான் சீசன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு இயல்பாகவே கனமாக இருக்கும். அதனால் அதை முந்தின டிசம்பர் காலாண்டோடு ஒப்பிட்டால் யாரும் குற்றவாளியாகத்தான் தெரிவார்கள். போன ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும். போன ஆண்டு மார்ச் காலாண்டில் 120 கோடி, மொத்தத்தில் 30 சதவீதம். இந்த ஆண்டு 150 கோடி, 31 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. சரக்குத் தள்ளல் என்ற சந்தேகத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை.

இரண்டாவது, வாங்குபவர் மாறியிருக்கலாம். ஆண்டறிக்கையில் நிர்வாகத்தின் ஆய்வு என்ற பகுதியைப் படித்தால், அரசுத் திட்டங்களுக்கான சோலார் பம்ப் விற்பனை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்காகியிருக்கிறது. 2019-இல் வந்த பிஎம்-குசும் திட்டத்தில், விவசாயி வைக்கும் தனி சோலார் பம்புக்குப் பொதுவான கணக்கு, மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம், மீதி விவசாயி. ஆக, விலையில் பெரும்பகுதி மாநில முகமைகள் வழியாக வர வேண்டும். பம்பை நிறுவி, சோதித்து, அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டு, நிதி ஒதுக்கீடு வந்த பிறகே பணம். டீலர் கொடுக்கும் வேகம் இதில் கிடையாது. ஆனால் டீலர் ஓடிப்போவதுபோல அரசு ஓடிப்போகாது. பணம் மூழ்குமா என்ற கவலையைவிட, அது வரும்வரை யார் வட்டி கட்டுவது என்ற கவலைதான் இங்கே பெரிது. அந்த வட்டியைத்தான் 9 கோடியாக மேலே பார்த்தோம்.

மூன்றாவது காரணம், பணம் உண்மையிலேயே வராமல் போவது. இதற்கு 2021 ஏப்ரல் முதல் ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தி, பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு ஆண்டு என்று மூன்றாண்டுக்கு மேல் வரை கட்டம் கட்டிக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால், ஆண்டறிக்கையில் ஒரே ஒரு அட்டவணையைப் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பார்க்கலாம். நம் கம்பெனியில் ஓராண்டு தாண்டிய பாக்கி 3 கோடியிலிருந்து 12 கோடி ஆகியிருக்கிறது. வராக்கடனுக்கென்று ஒதுக்கிவைத்த தொகையோ 2 கோடியிலிருந்து 2.5 கோடிதான்.

பழைய பாக்கி நான்கு மடங்கு, ஒதுக்கீடு கால் மடங்கு மட்டும் கூடுதல். இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 12 கோடியில் பாதி வராது என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் 6 கோடி ஒதுக்க வேண்டும், கூடுதலாக 3.5 கோடி. 31 கோடியில் அதைக் கழித்தால் 27.5 கோடி. போன ஆண்டின் 29 கோடியைவிடக் குறைவு. வளர்ச்சி என்று சொன்னது முழுக்க நிர்வாகத்தின் ஒரு மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. அந்த மதிப்பீடு சரியாகவும் இருக்கலாம். அந்த 12 கோடி அரசு பாக்கியா, டீலர் பாக்கியா என்பதை அட்டவணை பிரித்துச் சொல்வதில்லை.

இவ்வளவும் அறிக்கையில் அச்சான எண்கள் உண்மை என்ற நம்பிக்கையில்தான். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அந்த நம்பிக்கையின் எல்லையைக் காட்டியது. பேலன்ஸ் ஷீட்டில் இருந்த 5,361 கோடி ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. இவ்வளவு ரொக்கத்துக்கு வட்டி வருகிறதா என்று மோதவிட்டுப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் அங்கே வரவேண்டிய வட்டியென்று 376 கோடியையும் பொய்யாகவே எழுதியிருந்தார்கள். இரண்டு வரிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த, இரண்டுமே பொய். மேசையில் உட்கார்ந்து படிக்கிறவரால் அதைப் பிடிப்பது கடினம். அதனால்தான் குறிப்பில் 'உண்மை' என்றோ 'பொய்' என்றோ எழுதுவதில்லை. 'அறிக்கைப்படி' என்று எழுதுகிறோம்.

எழுத உட்காரும்முன் இரண்டு இடங்களை மட்டும் சரிபார்க்க வேண்டும். அட்டவணையின் மூலையில் பொடி எழுத்தில் தொகை லட்சத்திலா கோடியிலா என்று போட்டிருக்கும். ஒரே அறிக்கையில் தனிக் கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு தொகுப்பு இருக்கும். விற்பனையை ஒன்றிலிருந்தும் பாக்கியை மற்றொன்றிலிருந்தும் எடுத்து வகுத்து, மணிக்கணக்கில் ஆச்சரியப்படும் இன்டர்ன்கள் எல்லா ஊரிலும் உண்டு.

குறிப்பின் முதல் பத்தி இப்படி வரலாம்:

"அறிக்கைப்படி விற்பனை 20 சதவீதம் உயர்ந்து 480 கோடி; நிகர லாபம் 31.5 கோடி. நிலம் விற்ற 7 கோடி உள்ளிட்ட இதர வருமானத்தை நீக்கினால், வரிக்கு முந்தைய லாபம் 7 சதவீதமே கூடியிருக்கிறது. பாக்கி வசூலாகும் காலம் 60 நாளிலிருந்து 90 நாளாக நீண்டதால், தொழிலில் 17 கோடி ரொக்கப் பற்றாக்குறை. அது குறுகிய காலக் கடனால் ஈடுகட்டப்பட்டுள்ளது. அரசுத் திட்ட விற்பனை பெருகியதே காரணம் என்று தோன்றுகிறது. ஓராண்டு தாண்டிய 12 கோடிக்கு ஒதுக்கீடு 2.5 கோடி மட்டுமே."

'தோன்றுகிறது' என்ற சொல்லை வெட்டிவிடும் மேலதிகாரிகள் உண்டு, குறிப்பு கம்பீரமாக இருக்க வேண்டுமாம். விட்டுவைப்பதே சரி. மற்ற வாக்கியங்கள் அறிக்கையில் இருப்பவை. அது ஒன்றுதான் நம் ஊகம்.

அடுத்த பத்தியில் நிர்வாகத்திடம் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த 12 கோடியில் மாநில முகமைகள் தர வேண்டியது எவ்வளவு, மார்ச்சுக்குப் பிறகு அதில் எவ்வளவு வந்தது? பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் செப்டம்பர் இறுதி நிலவரப்படியும் சொத்து, கடன் பட்டியலை வெளியிட்டாக வேண்டும். 45 நாள் அவகாசம், அதாவது நவம்பர் 14-க்குள். மழைக்காலத்தில் பம்ப் விற்பனை மந்தம் என்பதால் அந்தத் தேதியில் பாக்கி தானாகவே இறங்கியிருக்க வேண்டும். 118 கோடி 85, 90 என்று வந்திருந்தால் அரசு பில்கள் பாஸ் ஆகியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் 110-க்குக் கீழே வரவில்லை என்றால், 12 கோடிக்கான ஒதுக்கீட்டைப் பற்றிய பத்தி குறிப்பின் முதல் பத்தியாகிவிடும்.