கையெழுத்துக்கு முதலில் இடம் ஒதுக்குங்கள்

வாழ்த்து அட்டை எழுதும்போது அநேகமாக எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. முதல் இரண்டு வரி பெரிதாக, அழகாக வரும். பாதிப் பக்கம் தாண்டியதும் இடம் போதாது என்று தெரிந்து எழுத்து சுருங்கும். கடைசியில் கையெழுத்துப் போட இடமில்லாமல், பெயர்கள் ஓரத்தில் செங்குத்தாக ஏறும். இதைத் தவிர்க்க ஒரே வழி, கணக்கைக் கீழிருந்து தொடங்குவது.

ஓய்வு பெறும் தமிழாசிரியருக்கு ஒன்பது பழைய மாணவர்கள் சேர்ந்து ஓர் அட்டை தருவதாக வைத்துக்கொள்வோம். ஏ4 தாளை இரண்டு முறை மடித்தால் வரும் அளவு அது: அகலம் 105 மி.மீ., உயரம் 148 மி.மீ. நான்கு பக்கமும் 12 மி.மீ. ஓரம் விட்டால், எழுதக் கிடைப்பது 81க்கு 124.

ஒருவர் கையெழுத்துக்கு 40 மி.மீ. அகலமும் 10 மி.மீ. உயரமும் வேண்டும். இரண்டு பத்தியாகப் பிரித்தால் ஐந்து வரிசை, அதாவது 50 மி.மீ. பத்துக் கட்டங்களில் ஒன்பது பேர் போக ஒன்று மிஞ்சும். கடைசி நேரத்தில் வந்து சேருகிறவருக்கு அது இருக்கட்டும். முதலில் கையெழுத்திடுபவர் பெரிதாகப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு இடம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வையுங்கள்.

மீதி உயரம் 74 மி.மீ. இதில் எத்தனை வரி எழுதலாம்? தமிழில் புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் தலைக்கு மேலே ஏறும். கு, மு, ழு போன்றவற்றின் சுழி கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் சுழி கீழ்வரியின் புள்ளியில் போய் முட்டும். எழுத்தின் உடல் 4 மி.மீ. உயரம் என்றால், வரிக்கு வரி 10 மி.மீ. விடுவது நல்லது. ஆக, ஏழு வரி கிடைக்கும்.

அடுத்தது அகலம். இங்கே எழுத்தை எண்ணினால் ஏமாந்துபோவோம். இடத்தை எண்ண வேண்டும். க், கி, கு ஆகியவற்றுக்கு ஒரே இடம் போதும். கா, கெ, கே, கை ஆகியவற்றுக்கு இரண்டு இடம். கொம்பும் துணைக்காலும் சேர்ந்து வரும் கொ, கோ மூன்று இடம் பிடிக்கும். ‘வாழ்த்துகிறோம்’ என்பதில் எழுத்து ஏழுதான், ஆனால் இடம் பத்து. ண, ஞ, ஊ போன்ற அகன்ற எழுத்துகளுக்கு அரை இடம் கூட்டிக்கொள்ளலாம். சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியும் ஓர் இடம்.

உங்கள் இயல்பான கையில் அந்தச் சொல்லை எழுதி அளந்து பாருங்கள். 45 மி.மீ. வந்தால் ஓர் இடத்துக்கு 4.5 மி.மீ.; 81 மி.மீ. வரியில் 18 இடம் கொள்ளும். இனி வாசகத்தை வரி பிரிக்கலாம்:

அன்புள்ள ஐயா,
நீங்கள் கற்பித்த தமிழ்
எங்கள் கையெழுத்தில்
இருக்கிறது. உங்கள்
ஓய்வுக் காலம் நலமாக
அமையட்டும்.
என்றும் அன்புடன்,

ஏழு வரி சரியாக வந்துவிட்டது. நான்காம் வரியில் ‘ஓய்வுக்’ என்ற சொல்லுக்கும் இடமிருந்தது. ஆனால் அந்த ஒற்று அடுத்துவரும் ‘காலம்’ என்பதற்காக வந்தது. இரண்டையும் பிரிக்காமல் கீழே இறக்கினோம். அதுபோல, ஒரு சொல்லை உடைத்து மெய்யெழுத்தில் அடுத்த வரியைத் தொடங்காதீர்கள். தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்குவதில்லை என்பதால் கண் அங்கே தடுக்கும். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சுருக்காமல் சொல்லைக் குறையுங்கள்.

அட்டையளவுக்கே வெட்டிய வெள்ளைத் தாளில் ஒருமுறை முழுதும் எழுதிப் பாருங்கள். வரியின் கடைசிச் சொல் முதல் சொல்லைவிடச் சிறுத்திருந்தால் இடம் பற்றவில்லை என்று பொருள். பிறகு அட்டையில் பென்சிலால் மெல்லிய கோடுகள் போட்டு எழுதுங்கள். வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா மை எளிதில் இழுபடும். பின்பக்க மூலையில் ஒரு கோடு போட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். இழுபட்டால் பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறுங்கள். பென்சில் கோட்டை அழிப்பது மை நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

அட்டையைக் கையெழுத்துக்குச் சுற்றுக்கு விடும்முன், அந்தப் பத்துப் புள்ளிகளும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.