ஒரு நாள் சரிவை எத்தனை நாள் நினைவில் வைப்பது?

பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கத்தை அளக்க, ஜே.பி. மார்கன் வங்கி 1994-இல் வெளியிட்ட ரிஸ்க்மெட்ரிக்ஸ் எளிய வழியொன்றைக் கையாண்டது. நேற்றைய மதிப்பீட்டின் வர்க்கத்தை 0.94-ஆல் பெருக்கி, இன்றைய விலைமாற்றத்தின் வர்க்கத்தில் 0.06 பங்கைக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அந்த 0.94 தான் தேய்வுக் காரணி.

மதிப்பீடு 1 சதவீதமாக இருக்கையில் சந்தை ஒரே நாளில் 5 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.94-உடன் 1.5 சேர்ந்து 2.44, வர்க்கமூலம் சுமார் 1.56 சதவீதம். காரணி 0.97 என்றால் 1.31 தான். ஆனால் அந்த அதிர்ச்சியின் எடை பாதியாக முன்னதில் சுமார் 11 நாள், பின்னதில் 23 நாள் ஆகும். 0.80-க்கு இறக்கினாலோ மதிப்பீடு ஒரே நாளில் 2.41-க்குத் தாவும், மூன்றே நாளில் பாதி மறந்தும்விடும். நாளைய அபாயத்துக்கு 0.94, மாதக் கணக்குக்கு 0.97 என்று ரிஸ்க்மெட்ரிக்ஸ் பிரித்துவைத்தது சரியான முடிவு.