வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு

கேரள அரசு லாட்டரிச் சீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் பெயரை யாரும் குறித்துக்கொள்வதில்லை. போன் நம்பரும் கேட்பதில்லை. சீட்டில் இருப்பது இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமும் கொண்ட ஒரு வரிசை எண், குலுக்கல் தேதி, விலை போன்றவை. அதனால் குலுக்கல் முடிந்ததும் எந்த எண்ணுக்குப் பரிசு, எந்த ஏஜென்ட் விற்ற சீட்டு என்பது லாட்டரித் துறைக்குத் தெரியும். அந்தச் சீட்டு இப்போது யார் கையில் இருக்கிறது என்பது தெரியாது. 2023 ஓணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி ரூபாய். தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு அது விழுந்தது. சீட்டோடு அவர்களே முன்வந்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. துறை யாரையும் போனில் கூப்பிட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வழியில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த விவரம் ஒன்று போய்ச் சேர்ந்தாலே போதும், ஊரெல்லாம் சுற்றிவரும் போலி லாட்டரி போன் பாதி செத்துவிடும். குடும்ப குரூப்பில் நாலு வரி எழுதிப் போடுவதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஆனால் அந்த நாலு வரியை எப்படி எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறோம்.

முதலில் போனில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். செங்கோட்டைப் பக்கம் இருக்கும் ஒரு சித்தி என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட புகார்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைக் கோத்துத்தான் இதைச் சொல்கிறேன். காலை பத்தரை மணி, வீட்டில் தனியாக இருக்கிறார். மலையாள வாடையுள்ள தமிழில் மரியாதையாக ஒரு குரல்: "அம்மா, கேரள லாட்டரி ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க மொபைல் நம்பருக்கு 25 லட்சம் பரிசு விழுந்திருக்கு." பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. அரசு முத்திரை, சித்தியின் பெயர், 25,00,000 என்று பெரிய எழுத்தில் ஒரு காசோலை. அடுத்து ஓர் அதிகாரியின் அடையாள அட்டை. பிறகு விஷயத்துக்கு வருகிறார்கள்: "வரி 8,500 ரூபாய் மட்டும் கட்டணும். கட்டின ஒரு மணி நேரத்துல பணம் உங்க அக்கவுண்ட்ல. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, தெரிஞ்சா வேற யாராவது கிளெய்ம் பண்ணிடுவாங்க."

8,500 என்பது யோசித்து வைத்த தொகை. சீட்டுப் பணமோ, பீரோவில் வைத்த கைச்செலவுப் பணமோ, யாரையும் கேட்காமல் சித்தியால் அனுப்ப முடிகிற அளவு. அனுப்பியதும் பணம் வராது. இன்னொரு போன் வரும். ஃபைல் சார்ஜ் 12,000. அதைக் கட்டினால் ஜிஎஸ்டி 25,000. பிறகு ரிசர்வ் வங்கி அனுமதிக்கு ஒரு தொகை. ஒவ்வொரு முறையும், இதுவரை கட்டியதை இழக்கக் கூடாதே என்ற பதைப்புதான் அடுத்த தொகையைக் கட்டவைக்கிறது. நகை அடகுக்குப் போவது இந்தக் கட்டத்தில்.

யார்கிட்டயும் சொல்லாதீங்க என்ற அந்த வார்த்தைதான் மோசடியின் உயிர்நாடி. மகனிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். குடும்ப குரூப்பில் போடும் குறிப்புக்கு இருக்கும் பலமும் இங்கேதான் இருக்கிறது. போன் வருவதற்கு முன்பே வீட்டில் இந்தப் பேச்சு நடந்திருந்தால், ரகசியம் காக்கச் சொல்பவரின் பேச்சு எடுபடாது.

வரி விஷயத்தையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பொய்க்கு நடுவே அவர்கள் செருகும் ஒரே உண்மை அதுதான். லாட்டரிப் பரிசுக்கு வரி உண்டு, 30 சதவீதம். ஆனால் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். அந்த 25 கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி கழிந்தது. மிச்சமிருந்த இருபத்திரண்டரைக் கோடியில் 30 சதவீத வரியாக 6 கோடியே 75 லட்சம் கழிந்தது. கைக்கு வரும் கணக்கு 15 கோடியே 75 லட்சம். பெரிய தொகை என்பதால் அதற்கு மேலும் சர்சார்ஜ் கட்ட வேண்டிவரும். அதையும் பணம் கைக்கு வந்த பிறகு வருமான வரித் துறையில்தான் கட்டுவார்கள். பரிசை வாங்குவதற்காகக் கையிலிருந்து யாரும் ஒரு ரூபாய்கூட முன்னால் எடுத்துவைப்பதில்லை. சித்தியிடம் பேசியவர் சொன்னது நிஜமாக இருந்தால் வரி லட்சக்கணக்கில் ஆகியிருக்கும். அது அந்த 25 லட்சத்திலேயே கழிந்திருக்கும்.

இனி குறிப்பு. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம வீட்டுப் பெரியவங்க ஒருத்தருக்கு இன்னைக்கு ஒரு போன் வந்துச்சு. கேரளா லாட்டரியில 25 லட்சம் விழுந்திருக்கு, வரி 8,500 கட்டுங்கன்னு சொன்னாங்க. இது பொய். லாட்டரி ஆபீசுக்கு நம்ம போன் நம்பரே தெரியாது. சீட்டு வாங்காம பரிசு விழாது. பரிசு வாங்க யாரும் முன்னாடி பணம் கட்ட வேண்டாம். இப்படி யாராவது கூப்பிட்டா போனை வெச்சிட்டு எனக்கோ மாமாவுக்கோ கூப்பிடுங்க, எந்த நேரமா இருந்தாலும் சரி. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தா உடனே 1930க்கு போன் பண்ணுங்க. யாரும் திட்ட மாட்டோம்."

போன் வந்தது யாருக்கு என்று இதில் எழுதவில்லை. சித்தி என்று எழுதினால் மறுநாள் கல்யாண வீட்டில் அவரிடம் அதைக் கேட்டுச் சிரிக்க நாலு பேர் இருப்பார்கள். அதைப் பார்க்கும் இன்னொரு அத்தை, தனக்கு நேர்ந்ததை வாயைத் திறந்து சொல்லவே மாட்டார். கடைசி வரியும் அதற்காகத்தான். பணம் போன பிறகும் பலர் நாள் கணக்கில் மறைக்கிறார்கள். மகன் திட்டுவான், கணவருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அந்தத் தாமதம் பணத்தைவிட்டுக் கொடுப்பதில் முடிகிறது. இந்தக் குறிப்பில் ஒரு வரியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் "யாரும் திட்ட மாட்டோம்" என்பதை வைத்துக்கொள்வேன். எழுதினால் மட்டும் போதாது. அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும்.

தொகையையும் அவர்கள் பேசிய பேச்சையும் அப்படியே எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. "மோசடிக் கும்பலிடம் எச்சரிக்கையாக இருங்கள்" என்று பொதுவாகப் போட்டால், குட் மார்னிங் படத்தோடு படமாக விரல் தள்ளிவிட்டுப் போகும். "வரி 8,500 கட்டுங்க" என்பதைப் படித்தவருக்கு அதே மாதிரி பேச்சு காதில் விழும்போது சட்டென்று நினைவு வரும்.

வந்த போலிக் காசோலைப் படத்தை ஆதாரத்துக்காகக் குரூப்பில் போட வேண்டாம். மேலே எழுதிய எச்சரிக்கையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். படத்திலிருந்து அது இன்னொரு குரூப்புக்குத் தனியாகப் போனால் நாமே மோசடிக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததாக ஆகும். கூப்பிட்டவரின் நம்பரையும் எழுத வேண்டாம். வாட்ஸ்அப்பில் போன் நம்பர் தொடக்கூடிய இணைப்பாகிவிடும். தெரியாமல் விரல் பட்டால் அங்கேயே அழைப்புக்கு வழி திறக்கும். படத்தையும் நம்பரையும் அழிக்காமல் உங்கள் போனில் வைத்திருங்கள், புகாருக்குத் தேவைப்படும்.

ஓடிபி, யுபிஐ பின், தெரியாத ஆப், டிஜிட்டல் கைது என்று எல்லாவற்றையும் ஒரே குறிப்பில் அடைக்கும் ஆசையும் வரும். வேண்டாம். அவையெல்லாம் முக்கியம்தான், வேறொரு நாள் வேறொரு குறிப்பாகப் போடலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் கண் மங்கிய தாத்தாவுக்கும் இதையே உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

பணம் போய்விட்டது என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால், ஆறுதலை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு 1930க்கு அழைக்க உதவுங்கள். அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எந்த வங்கியிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று கேட்பார்கள். யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணையும் கேட்பார்கள். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் தெரியும். தகவல் போனதும் பணம் சென்ற வங்கிக்குச் சொல்லி, அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். சித்தி அனுப்பிய 8,500 ஒரு கணக்கில் உட்கார்ந்திருக்காது. பிறர் பெயரில் வாங்கிய கணக்குகள் வழியாகக் கை மாறி, எங்கோ ஓர் ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிடும். வந்த பிறகு மீட்பது மிகக் கடினம். அதனால்தான் முதல் சில மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு. போனில் சொன்ன பிறகு cybercrime.gov.in தளத்திலும் புகாரை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். சொந்த வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். நிறுத்திவைத்த பணம் கைக்குத் திரும்பவும் காலம் பிடிக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பணம் இழந்தவருக்குச் சில வாரங்களில் இன்னொரு போன் வருவதுண்டு. இந்த முறை "சைபர் போலீஸ்ல இருந்து பேசறோம், உங்க பணத்தை மீட்டாச்சு, 3,000 ரூபாய் கட்டணம் கட்டினா விடுவிச்சிடலாம்" என்பார்கள். ஏமாந்தவரின் நம்பரும் பெயரும் இழந்த தொகையும் முதல் கும்பலிடமே இருக்கிறது, அதனால் பேச்சு அப்படியே நிஜமாகக் கேட்கும். 1930இல் புகார் சொல்லவோ பணத்தைத் திரும்பப் பெறவோ போலீசுக்கு எந்தக் கட்டணமும் கிடையாது. புகார் கொடுத்த அன்றைக்கே அவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். ஒரு மாதம் கழித்துக் குரூப்பிலும், பெயர் சொல்லாமல், இரண்டு வரியில் போட்டுவிடுங்கள்.