குழியில் விழும் வண்டும் நாம் போடும் கணக்கும்

2015ஆம் ஆண்டு இலங்கையில் கிளைபோசேற் களைநாசினி தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. அது முதல் அப்புத்தளை போன்ற தோட்டப்பகுதிகளில் ஒரு கேள்வி நிலவுகின்றது. களைநாசினி தெளித்த மலையில், பூச்சிகளை இரையாக்கும் தரைவண்டுகள் குறைகின்றனவா? இதனை அறியக் குழிப்பொறியே பெரிதும் பயன்படுகின்றது. எனினும் அது தரும் எண்ணிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டால் நாம் தவறான முடிவுக்கே வருவோம்.

குழிப்பொறி என்பது மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் கிண்ணமே. அதன் விளிம்பு மண்மட்டத்துடன் ஒட்டியிருக்க வேண்டும். சற்று உயர்ந்தாலும் வண்டு விலகிச் சென்றுவிடும். மழைநீர் நிரம்பாதிருக்க மேலே சிறு கூரை அவசியம். புதிதாகத் தோண்டிய மண் முதல் நாட்களில் அதிக வண்டுகளை விழச் செய்வதால், ஒரு வாரம் மூடிவைத்த பின்னரே திறத்தல் நன்று.

கிண்ணங்கள் நெருங்கியிருந்தால் ஒன்றுக்குரிய வண்டை மற்றொன்று பிடித்துவிடும். கனடாவில் நடந்த ஆய்வொன்று 1995இல் 25 மீற்றர் இடைவெளியைப் பரிந்துரைத்தது. நான்கைந்து கிண்ணங்கள் மட்டுமே இருப்பின், கானருகே அமைந்த ஒன்றே மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும். மலைக்குப் பன்னிரண்டு இருப்பின் அந்த ஆபத்து குறையும். ஆயினும் ஒரு மலையில் நூறு கிண்ணம் புதைத்தாலும் அது ஒரு மலையின் செய்தியே. தெளித்த மலைகள் பலவற்றையும் தெளிக்காதவை பலவற்றையும் ஒப்பிட்டால்தான் மருந்தைப் பற்றிப் பேச முடியும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தெளித்த மலையில் 12 கிண்ணங்கள் 14 நாட்கள் இருந்தன. அதாவது 168 பொறிநாட்கள். விழுந்தவை 84 வண்டுகள், பொறிநாளுக்கு 0.5. களை மண்டிய மலையில் இரு கிண்ணங்களைப் பன்றி கிளறிவிட்டது. மீதி 140 பொறிநாட்களில் 42 வண்டுகள், பொறிநாளுக்கு 0.3. தெளித்த மலையில்தான் வண்டு அதிகம் என்று தோன்றும்.

ஆனால் கிண்ணம் வண்டைத் தேடிச் செல்வதில்லை. நடந்து வரும் வண்டே அதில் விழுகின்றது. வெறும் தரையில் வண்டு தடையின்றி ஓடும், புல்லிடையே தயங்கி நகரும். பொறியைச் சூழ்ந்த தாவரங்கள் பிடிபடும் தொகையை மாற்றுவதை 1964இலேயே கிரீன்ஸ்லேட் எடுத்துக்காட்டினார். பசித்த வண்டும் வெப்பமான நாளில் வண்டும் கூடுதலாக அலையும். எனவே கிடைப்பது எண்ணிக்கையும் நடமாட்டமும் சேர்ந்த பெருக்கம். இதனையே ‘நடமாட்ட அடர்த்தி’ என்கின்றனர். தெளித்த மலையில் வண்டு இருமடங்கு நடந்திருப்பின், 0.5ஐ இரண்டால் வகுக்க 0.25 வரும். அது 0.3இலும் குறைவு, முடிவே தலைகீழாகிவிடும்.

ஐயம் தீர வழியுண்டு. இரு மலைகளிலும் சம அளவான சிறு சதுரங்களைத் தகட்டால் அடைத்து, உள்ளிருக்கும் வண்டுகள் யாவற்றையும் பிடித்து எண்ண வேண்டும். அவ்வெண்ணிக்கை கிண்ணக் கணக்கோடு முரண்படின், கிண்ணம் காட்டியது வண்டின் பெருக்கத்தையன்று, அதன் ஓட்டத்தையே.