மின்சார ஸ்கூட்டரா, பெட்ரோல் ஸ்கூட்டரா? ஹைதராபாத்தில் கணக்கை மாற்றும் 200 யூனிட் வரம்பு

ஹைதராபாத்: மின்சார ஸ்கூட்டரின் கூடுதல் விலை எத்தனை மாதங்களில் மீளும் என்பதை அதன் வேகமோ பேட்டரியோ மட்டும் தீர்மானிப்பதில்லை. வீட்டு மின் கட்டண ரசீதில் உள்ள யூனிட் எண்ணிக்கைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

செகந்திராபாத்தை ஒட்டிய லாலாகுடாவில் வசிக்கும் ஒருவர் நாள்தோறும் 30 கி.மீ. வீதம் மாதம் 25 நாட்கள் பயணிப்பதாகக் கொள்வோம். மாதத்துக்கு 750 கி.மீ. ஆகிறது. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 16.7 லிட்டர் தேவை. ஹைதராபாத்தில் 2025-ஆம் ஆண்டு நிலவிய சுமார் ரூ.107.50 என்ற விலையில் செலவு ரூ.1,790. நிறுவனம் கூறும் மைலேஜை நம்பாமல், டேங்கை முழுவதும் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை ரசீதில் உள்ள லிட்டரால் வகுத்துப் பார்ப்பதே சரியான முறை.

அதே தூரத்துக்கு மின்சார ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, சுமார் 25 யூனிட் எடுத்துக்கொள்ளும். இந்த 25 யூனிட்டின் விலைதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

தெலங்கானாவின் 2022-23 கட்டண விகிதப்படி, மாதம் 120 யூனிட் செலவிடும் வீட்டில் கூடுதல் யூனிட் ஒவ்வொன்றுக்கும் ரூ.4.80. ஆக, சார்ஜ் செலவு ரூ.120 மட்டுமே. ஆனால் 180 யூனிட் செலவிடும் வீடு 205 யூனிட்டைத் தொட்டால், முதல் 200 யூனிட்டுக்கும் ரூ.5.10 என்ற உயர் விகிதம் பொருந்தும். நிலைக்கட்டணம் நீங்கலாக, ரூ.724 ஆக இருந்த தொகை ரூ.1,058 ஆகிவிடும். ஸ்கூட்டரின் பங்கு ரூ.334.

கிருஹ ஜோதி திட்டப் பயனாளிகளுக்கு இந்த வரம்பு இன்னும் கடுமையானது. 2024 மார்ச் முதல், தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் அம்மாத ரசீது முழுவதையும் செலுத்த வேண்டும். பூஜ்ஜியமாக இருந்த தொகை ரூ.1,058 ஆகும்போது, 25 யூனிட்டின் உண்மை விலை அதுவே. மாறாக, 120 யூனிட் செலவிடும் பயனாளிக்கு ஸ்கூட்டர் இலவசமாகவே ஓடும்.

சாலை வரியும் பதிவுக் கட்டணமும் மின்சார வாகனங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை தெலங்கானாவில் விலக்களிக்கப்பட்டுள்ளதால், விற்பனை நிலையம் கூறும் விலையைவிடச் சாலைக்கு வரும் விலையை ஒப்பிடுவதே நியாயம். அவ்வாறு ஒப்பிட்டும் மின்சார ஸ்கூட்டர் ரூ.25,000 கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 120 யூனிட் வீட்டில் அது 15 மாதங்களில் மீளும். 180 யூனிட் வீட்டில் 17 மாதங்கள் ஆகும். ஒவ்வொரு மாதமும் வரம்பைத் தாண்டி இலவசச் சலுகையை இழக்கும் வீட்டிலோ 34 மாதங்கள். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு அளிக்கும் 3 ஆண்டு உத்தரவாதம் ஏறக்குறைய அப்போதுதான் முடிகிறது.

எனவே வாங்குவதற்கு முன் கடந்த 12 மாத மின் ரசீதுகளை எடுத்து, 175 யூனிட்டைத் தாண்டிய மாதங்களை எண்ணிப் பார்க்கலாம். ஏர்கூலர் ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டுமே அந்நிலை என்றால் இழப்பு சிறிது. அம்மாதங்களில் அலுவலகத்தில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால் அதுவும் தவிரும்.