செய்தி வரிசையும் வேகக் கட்டுப்பாடும்

செய்தி வரிசை என்பது அனுப்பவேண்டிய குறுஞ்செய்திகளை முதலில் சேமித்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும் முறையாகும். அவை வெளியேறும் வேகத்தை, சேவை நிறுவனம் அனுமதிக்கும் அளவுக்குள் வைத்திருப்பது வேகக் கட்டுப்பாடு (திராட்டிலிங்) எனப்படும். ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்குச் செய்தி அனுப்பும்போது இவ்விரண்டும் சேர்ந்தே பயன்படுகின்றன.

## தேவை

நீலகிரி மாவட்டத்தில் கனமழை நாள்களில் பள்ளி விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்களில் சிலவற்றுக்கு மட்டும் விடுமுறை விடப்படுவதும் உண்டு. அறிவிப்பு அதிகாலையில் வந்தால், எஸ்டேட் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகள் பேருந்துக்குக் கிளம்பும் முன் செய்தி போய்ச் சேரவேண்டும்.

குன்னூர் வட்டத்தில் 6,000 பெற்றோருக்குக் காலை 6.00 மணிக்குச் செய்தி அனுப்பத் தொடங்குவதாகக் கொள்வோம். முதல் பேருந்து 6.15க்கு. சேவை நிறுவனம் நொடிக்கு 10 செய்திப் பகுதிகளை ஏற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 6,000 செய்திகளையும் நிரல் ஒரே மூச்சில் தள்ளினால், முதல் சிலவற்றைத் தவிர மற்றவை `429 Too Many Requests` என்ற பதிலுடன் திரும்பும். நிரல் அவற்றை அந்தக் கணமே மீண்டும் அனுப்பினால் நெரிசல் இன்னும் கூடும். சில நிறுவனங்கள் அக்கணக்கையே சிறிது நேரம் நிறுத்திவைக்கும்.

## தமிழ்ச் செய்தியின் நீளம்

வரம்பு பெரும்பாலும் செய்திக்கு அல்ல, செய்திப் பகுதிக்கே கணக்கிடப்படுகிறது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒரு பகுதியில் 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழ் யுனிகோடில் அனுப்பப்படுவதால் ஒரு பகுதியில் 70 குறிகளே அடங்கும். அதற்கு மேல் நீண்டால் பகுதிக்கு 67 குறிகள் வீதம் உடைக்கப்படும். "று" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து; கணினிக்கு ற, உகரக் குறி என இரண்டு.

"கனமழை: இன்று குன்னூர் வட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை." என்னும் செய்தியில் இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து நாம் எண்ணுவது 33, கணினி எண்ணுவது 51. இது ஒரே பகுதி. எனவே 6,000 செய்திகள் 600 நொடிகளில், அதாவது 6.10க்கு அனுப்பி முடிக்கப்படும். வணக்கமும் பள்ளியின் பெயரும் சேர்ந்து 130 குறிகளானால் இரண்டு பகுதிகள். அனுப்பி முடிய 6.20 ஆகிவிடும். வரிசையின் கடைசியில் இருப்பவரின் பிள்ளை அதற்குள் மழையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்.

இந்தியாவில் இத்தகைய செய்தியின் வார்ப்புருவை முன்கூட்டியே பதிவு செய்திருக்கவேண்டும். ஆகவே சுருக்கமான வாசகத்தை மழைக்காலத்துக்கு முன்பே பதிவு செய்துவைப்பது நல்லது.

## செயற்படும் விதம்

வேகத்தைக் கட்டுப்படுத்தப் பரவலாகப் பயன்படுவது டோக்கன் வாளி முறை. ஒரு வாளியில் நொடிக்கு 10 டோக்கன்கள் விழுகின்றன. ஒரு பகுதியை அனுப்ப ஒரு டோக்கனை எடுக்கவேண்டும். வாளி காலியானால் அடுத்தது விழும்வரை வரிசை காத்திருக்கும். இரண்டு நிரல்கள் ஒரே கணக்கிலிருந்து அனுப்பினால் இரண்டுக்கும் ஒரே வாளிதான் இருக்கவேண்டும். தனித்தனி வாளி வைத்தால் நொடிக்கு 20 ஆகி வரம்பு மீறப்படும்.

வரிசையைப் பெயரின் அகரவரிசையில் அடுக்காமல், பேருந்து புறப்படும் நேரப்படி அடுக்கவேண்டும். தொலைவிலுள்ள எஸ்டேட் பிள்ளைகளின் வீடுகளுக்கு முதலிலும், பள்ளிக்கு அருகில் இருப்போருக்குக் கடைசியிலும் செய்தி செல்லும். வேகம் மாறாவிட்டாலும் தாமதத்தின் பாதிப்பு குறையும்.

## பிழைகளைக் கையாளுதல்

429 பதில் தற்காலிகமானது. அதனுடன் `Retry-After` என்ற குறிப்பு வந்தால் அதில் சொன்ன நேரம் காத்திருக்கவேண்டும். இல்லையெனில் 1, 2, 4, 8 நொடிகள் என இடைவெளியை இரட்டித்து, ஒவ்வொன்றுடனும் சிறிது தற்செயல் நேரத்தைச் சேர்ப்பர். அப்போதுதான் தடைப்பட்ட செய்திகள் எல்லாம் ஒரே கணத்தில் திரும்பி மோதா. தவறான எண், பொருந்தாத வார்ப்புரு போன்றவை நிலையான பிழைகள். அவற்றை மீண்டும் அனுப்புவதில் பயனில்லை.

பதிலே வராமல் இணைப்பு அறுந்தால், செய்தி போயிருக்கவும் கூடும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண்ணும் காலாவதி நேரமும் தரப்படுகின்றன. அடையாள எண்ணைச் சேவை நிறுவனமும் சரிபார்த்தால், ஒரே செய்தி இருமுறை செல்வதைத் தடுக்கலாம். பேருந்து போனபின் பயனற்ற செய்தி, காலாவதி நேரத்தால் வரிசையிலிருந்து நீங்கும்.

## கண்காணிப்பு

வரிசையின் நீளத்தைவிட, அதில் மிகப் பழைய செய்தி எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதே முதன்மையான அளவு. அது 10 நிமிடத்தைத் தாண்டினால் மேற்கண்ட கணக்கு எங்கோ தவறியுள்ளது. மேலும், நிறுவனம் செய்தியை ஏற்றுக்கொண்டது என்பது கைப்பேசியில் சேர்ந்தது என்று பொருளாகாது. சிக்னல் எட்டாத பள்ளத்தாக்கு வீடுகளின் சேர்ப்பு அறிக்கை வராது. அந்த எண்களின் பட்டியலை 6.10க்கே பேருந்து ஓட்டுநரிடமோ எஸ்டேட் அலுவலகத்திடமோ தந்தால், அவர்கள் நேரில் தகவல் சொல்ல முடியும்.