வீட்டு வாசலில் தொடங்கும் ஒப்பீடு

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்பவர் ஒருவருக்கு மூன்று வழிகள் உள்ளன. அவை ஊரிலேயே நின்று செல்லும் இ.டி.எஸ். மின்தொடர்வண்டி, விரைவுப் பேருந்து, பாயான் லெப்பாஸிலிருந்து புறப்படும் விமானம் ஆகும். சந்தைப்படுத்துதல் பயிலும் மாணவர் ஒருவர் தம் இடுபணிக்கு இ.டி.எஸ். சேவையைத் தேர்ந்தெடுத்தால், மற்ற இரண்டும் அதன் போட்டியாளர்கள் ஆகின்றன. அவை தொடர்வண்டி அல்ல. ஆயினும் அதே பயணியின் அதே தேவையை நிறைவு செய்கின்றன.

ஒப்பீட்டு அட்டவணையில் தன்மை, விலை, சென்றடையும் பரப்பு, குறைபாடு என நான்கு நிரல்கள் இருக்கும். இவற்றை நிரப்பும்போது மூன்று சேவைகளையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்குதான். விமானத்திற்கு ஒரு மணி நேரம், தொடர்வண்டிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்று எழுதினால், விமானமே வென்றதாகத் தோன்றும். ஆனால், பயணி வீட்டிலிருந்து நகர மையம் வரை செல்கிறார். பாலத்தைக் கடந்து விமான நிலையம் அடைய 45 நிமிடம், அங்குக் காத்திருக்க 90 நிமிடம், பறக்க 60 நிமிடம், சிப்பாங்கில் பெட்டியைப் பெற்று வெளியேற 45 நிமிடம், அங்கிருந்து விரைவு இரயிலில் கே.எல். சென்ட்ரல் செல்ல 30 நிமிடம் எனக் கணக்கிட்டால், மொத்தம் நாலரை மணி நேரம் ஆகிறது. தொடர்வண்டிப் பயணத்துடன் நிலையம் செல்லும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும்.

விலையையும் இவ்வாறே கணக்கிட வேண்டும். விமானக் கட்டணத்துடன் பெட்டிக் கட்டணத்தையும் இருபுற வாகனச் செலவையும் சேர்க்க வேண்டும். கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதால், மூன்றையும் ஒரே பயண நாளுக்குப் பார்த்து, பார்த்த தேதியையும் குறிக்க வேண்டும்.

சென்றடையும் பரப்பில் பேருந்து முந்துகிறது. தண்டவாளம் இல்லாத ஊர்களுக்கும் அது செல்லும். கிழக்குக் கரையிலுள்ள குவாந்தானுக்கு இ.டி.எஸ். செல்வதில்லை.

குறைபாட்டை ஊகித்து எழுதக் கூடாது. 'பேருந்து வசதியற்றது' என்பது வெறும் கருத்து. 'பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலை நெரிசலால் தாமதமாகிறது' என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. தாம் தேர்ந்த சேவையின் குறையையும் மறைக்கலாகாது. பெருநாளுக்கு முன் இ.டி.எஸ். இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. முன்பதிவுப் பக்கத்தைத் தொடர்ந்து சில நாள்கள் பார்த்தாலே அது தெரியும்.

அட்டவணை நிறைந்த பிறகு, அது கூறும் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். இங்கு அது, 'பெருநிலப்பகுதி மக்களிடம் இ.டி.எஸ். வேகத்தை அன்று, பாலம் கடக்காமல் நேரே நகர மையத்தில் இறங்கும் வசதியை விளம்பரப்படுத்த வேண்டும்' என்பதாகும். பாயான் லெப்பாஸில் வசிப்பவருக்கு இம்முடிவு பொருந்தாது. விமான நிலையம் அவர் வீட்டருகே இருப்பதால், அட்டவணையின் எண்களும் மாறிவிடும். எனவே, யாருக்காக ஒப்பிடுகிறோம் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும்.